பாரதி பாட்டு, டிடிபி ஃபான்ட், இலவச டிரோன் காட்சி: ஆவணப்படம் வெளியாகும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைப் பற்றி 15 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறோம், எடிட்டிங் முடிகிற நிலை. பின்னணியில் "கப்பலோட்டிய தமிழன்" படத்துப் பாரதியார் பாட்டு வருகிறது. பாரதி பாட்டுக்குத்தான் காப்புரிமை கிடையாதே? தலைப்புக்கு டிடிபி கடையில் வாங்கிய தமிழ் ஃபான்ட், நடுவில் இலவசத் தளத்தில் எடுத்த நாலைந்து டிரோன் காட்சிகள். யூடியூபில் போடணும், திரைவிழாக்களுக்கும் அனுப்பணும். பின்னால் சிக்கல் வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்:

பாட்டை மாற்றுங்கள், ஃபான்டை மாற்றுங்கள், டிரோன் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். காரணங்களைச் சொல்கிறேன். பாட்டில்தான் விஷயம் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காதில் ஒரே பாட்டாக விழுவது சட்டத்தின் கண்ணில் மூன்று தனிச் சொத்து: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. படத்தின் காட்சித் துண்டையும் சேர்த்து எடுத்தால் நான்கு. "பாரதி பாட்டுக்கு உரிமை இல்லை" என்பது முதல் சொத்துக்கு மட்டுமே பொருந்தும். பாரதி 1921இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி வரிகளுக்கும் இசைக்கும் ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை காப்பு. ஆகவே வரிகள் எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன.

மெட்டு ஜி. ராமநாதனுடையது. அவர் 1963இல் மறைந்தார், எனவே இந்தியாவில் மெட்டின் காப்பு 2023 டிசம்பரோடு முடிந்தது. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு. அங்கே பாடியவர், இசையமைத்தவர் யாருடைய ஆயுளும் கணக்கில் வராது. வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள், அவ்வளவுதான். திரைப்படத்துக்கும் இதே கணக்கு. படம் 1961இல் வந்தது, ஆக 2021 டிசம்பரோடு முடிந்தது. இந்தியாவுக்குள் மட்டும் பார்த்தால், அசல் பதிவைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்தது கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அது தற்செயலாக அமைந்தது. இதே பாரதி வரிக்கு 1980களில் ஒருவர் மெட்டமைத்துப் பதிவு செய்திருந்தால், மெட்டும் பதிவும் இன்றும் பூட்டுப் போட்டுத்தான் இருக்கும்.

அப்படியானால் ஏன் மாற்றச் சொல்கிறேன்? யூடியூபும் திரைவிழாவும் இந்தியாவுக்குள் நிற்பதில்லை. அமெரிக்காவில் பழைய ஒலிப்பதிவுகளுக்கு 2018இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி 1956க்குப் பிறகு வெளியாகி, 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை காப்பு. உங்கள் 1961 பதிவு சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. விழாக்களின் விண்ணப்பப் படிவத்தில் "படத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமை என்னிடம் இருக்கிறது" என்ற வகையில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். "இந்தியாவில் மட்டும்" என்று அங்கே எழுத இடம் இருக்காது.

இன்னொன்று, உங்கள் கையில் இருப்பது 1961இன் இசைத்தட்டு அல்ல. பெரும்பாலும் பின்னாளில் ஒரு நிறுவனம் சுத்தப்படுத்தி மறுவெளியீடு செய்த டிஜிட்டல் கோப்பாகத்தான் இருக்கும். அந்தக் கோப்பு யூடியூபின் கன்டென்ட் ஐடி கிடங்கில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். கன்டென்ட் ஐடி ஒலியை ஒலியோடு ஒப்பிடும் இயந்திரம். காப்பு எந்த ஆண்டு முடிந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பொருந்தினால் உரிமைகோரல் விழும்; விளம்பர வருமானம் அந்த நிறுவனத்துக்குப் போகும், அல்லது சில நாடுகளில் படம் தெரியாமல் போகும். நீங்கள் மறுப்புத் தெரிவித்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். படம் வெளியான முதல் மாதமே அந்த இழுபறியில் போய்விடும்.

உரிமைகோரலையும் ஸ்ட்ரைக்கையும் பலர் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள். உரிமைகோரல் அந்த ஒரு வீடியோவோடு நிற்கும். ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரி, வீடியோ நீக்கப்படும்போது சேனல் மீது விழுவது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். "10 விநாடிக்குள் எடுத்தால் பரவாயில்லை", "30 விநாடி வரை அனுமதி உண்டு" என்று சொல்லப்படும் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை.

உங்களுக்கு நல்ல வழி, அதே பாரதி வரிகளைப் புது மெட்டில் புதிதாகப் பாடவைத்துப் பதிவு செய்வது. பழைய மெட்டிலேயே பாடவைக்கத் தோன்றும். வேண்டாம். மெட்டின் காப்பு முடிந்தது இந்தியாவில்தான். தவிர, கன்டென்ட் ஐடி மெட்டை வைத்தும் அடையாளம் காணும். பாடுபவர் ஒருவர், தம்பூராவோ ஒரு கீபோர்டோ இருந்தால் இந்த மாதிரிப் படத்துக்குப் போதும்.

அப்படிப் பதிவு செய்யும்போது ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர்தானே என்று வாட்ஸப் "சரி"யோடு விட்டுவிட வேண்டாம். காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவு, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியம், எழுதாமல் விட்ட இடத்தைச் சட்டமே எப்படி நிரப்பும் என்பது. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாடுகள் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. ஆக, "இந்தப் பாட்டுக்கு நான் அமைத்த மெட்டையும் நான் பாடிய பதிவையும் இன்ன படத்திலும் அதன் முன்னோட்டத்திலும், உலகம் முழுவதும், காப்பு இருக்கும் காலம் வரை, திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், ஓடிடி ஆகியவற்றில் பயன்படுத்தலாம், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இது செல்லும்" என்று எழுதி, தொகையையும் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் வேறு வேறு ஆள் என்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக.

பாட்டு தவிர, வெறும் பின்னணி இசை எங்காவது இறக்கியிருந்தால் உரிமத்தின் பெயரைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும் அதில் ஆறு வகை உண்டு, காணொளிக்கு மூன்று குறிகள் பொறி. ND என்று இருந்தால் அந்த இசையை மாற்றக் கூடாது என்று பொருள். இசையை அப்படியே முழுசாகப் போட்டாலும் தொட முடியாது. ஏனென்றால் அசையும் படத்தோடு இசையை ஒத்திசைப்பதே அதைத் தழுவுவதாகத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் கணக்கில் வரும். SA என்று இருந்தால் உங்கள் முழுப் படத்தையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டிவரும். நாளைக்கு ஒரு ஓடிடி படத்தைக் கேட்டால் தனியுரிமையாகக் கொடுக்க வழி இருக்காது. NC வணிக நோக்கத்தைத் தடுக்கும். விளம்பரம் ஓடும் சேனல் அதில் வருமா வராதா என்று வாதாடும் நிலைக்கே போகாதீர்கள். மிஞ்சுவது எந்த நிபந்தனையும் இல்லாத CC0வும், CC BYயும். CC BY என்றால் இறுதி எழுத்துகளில் பெயர் போட வேண்டும். இசையின் பெயர், ஆக்கியவர், எங்கே கிடைத்தது, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், ஏதாவது மாற்றியிருந்தால் அதுவும். "இசை: இணையம்" என்று போடுவது பெயர் போட்டதாக ஆகாது. உரிமம் 4.0 பதிப்பு என்றால், தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை.

"ராயல்டி ஃப்ரீ" என்பதை இலவசம் என்று படிக்காதீர்கள். ஒருமுறை காசு கட்டினால், ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். மாதச் சந்தாவில் கிடைக்கும் இசையில், சந்தா இருக்கும்போது வெளியிட்ட படங்களுக்குத்தான் அனுமதி என்று பல தளங்கள் எழுதியிருக்கும். டிசம்பரில் இறக்கி, ஜனவரியில் சந்தாவை நிறுத்தி, மார்ச்சில் படத்தை வெளியிட்டால் உங்களிடம் உரிமம் இல்லை.

நீங்களே எடுத்த காட்சிகளையும் ஒருமுறை காதால் மட்டும் கேளுங்கள். டீக்கடை வானொலியிலோ கோயில் ஒலிபெருக்கியிலோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பொது இடத்தில் நிற்கும் சிலையோ சுவரோவியமோ பின்னணியில் படத்தில் வந்துவிட்டால் சட்டத்தின் 52ஆம் பிரிவு பாதுகாக்கிறது. ஆனால் அந்தச் சலுகை கலைப்படைப்புகளுக்குத்தான். தற்செயலாகப் பதிவான பாட்டுக்கு இல்லை. கன்டென்ட் ஐடி அதையும் பிடிக்கும். பேட்டி கொடுப்பவர் பேசும்போதே பாட்டு ஓடினால் பிரித்தெடுப்பது கடினம், பேட்டியைத் திரும்ப எடுப்பதே சுலபம்.

அடுத்து ஃபான்ட். டிடிபி கடைகளில் கைமாறும் தமிழ் ஃபான்ட் தொகுப்புகளில் எது யாருடையது என்ற தடயம் அறுந்துபோயிருக்கும். ஆனாலும் கோப்புக்குள்ளேயே பார்க்க வழி உண்டு. பைத்தான் இருக்கும் கணினியில் இதைக் கொடுங்கள்:

```
pip install fonttools
ttx -t name -t OS/2 thalaippu.ttf
```

`thalaippu.ttx` என்று ஒரு கோப்பு வரும், சாதாரண எடிட்டரில் திறக்கலாம். அதில் `nameID="0"` காப்புரிமை வரி, `nameID="13"` உரிமத்தின் விவரம், `nameID="14"` உரிமத்தின் இணைய முகவரி. 13உம் 14உம் காலியாக இருந்து, 0இல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்திடம் விலைகொடுத்து வாங்கிய ரசீது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஃபான்டை விடுங்கள். கடைக்காரருக்குக் கொடுத்த காசு உரிமம் ஆகாது. கீழே `fsType` என்று ஒன்று இருக்கும்: அதன் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாம் 0 என்றால் ஃபான்டை வேறு கோப்புகளுக்குள் பதிப்பதற்குத் தடை இல்லை. `0010` என்று முடிந்தால் உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமல் பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குள் அந்த ஃபான்டைப் பதிக்கக் கூடாது. படத்தில் எழுத்து வெறும் பிம்பமாகத்தான் போகிறது, ஆனால் விழாவுக்கு அனுப்பும் போஸ்டர், பத்திரிகைக் குறிப்பு எல்லாம் பிடிஎஃப்தானே. அங்கே ஃபான்டே உள்ளே ஏறிப் போகிறது.

மாற்றாக, திறந்த எழுத்துரு உரிமமான SIL Open Font License உள்ள தமிழ் ஃபான்டுகள் கூகுள் ஃபான்ட்ஸில் தாராளமாக இருக்கின்றன. தடித்த தலைப்புக்கு Baloo Thambi 2, கையெழுத்துச் சாயலுக்கு Kavivanar, வசன எழுத்துக்கு Mukta Malar அல்லது Noto Sans Tamil. இந்த உரிமத்தில் வணிகப் படம், போஸ்டர், பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு; படத்தில் பெயர் போடும் கட்டாயமும் இல்லை. ஃபான்டைத் தனிச் சரக்காக விற்கக் கூடாது. ஃபான்ட் கோப்பை யாருக்காவது கொடுத்தால் கூடவே `OFL.txt` போக வேண்டும். எடிட்டருக்கு ப்ராஜெக்ட் ஃபோல்டர் கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். விண்டோஸோடு வரும் Latha, Nirmala UI இரண்டையும் உங்கள் கணினியில் வைத்துப் படத்தில் எழுதலாம், ஆனால் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும் உரிமை உங்களுக்கு இல்லை.

டிடிபி ஃபான்டை விட்டு வரப் பலர் தயங்குவதற்கு உண்மையான காரணம் உரிமம் அல்ல என்பதும் தெரியும். யூனிகோட் ஃபான்டைப் போட்டால் எடிட்டிங் மென்பொருளில் "கொ" உடைந்து, கொம்பு தவறான பக்கத்தில் வந்து நிற்கும். பாமினி மாதிரிப் பழைய குறியாக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. குற்றம் ஃபான்டில் இல்லை, மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. பிரீமியர் என்றால் Preferences-இல் Graphics பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தை South Asian and Middle Eastern என்று மாற்றுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் அதே தேர்வு Preferences-இன் Type பகுதியில் இருந்தது. பாமினியில் தட்டிய பழைய வரிகளை யூனிகோடுக்கு மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். "ஸ்ரீ", "ௌ", எண்கள், மேற்கோள் குறிகள் இந்த இடங்களில்தான் மாற்றும் மென்பொருள் தடுமாறும்.

இனி டிரோன் காட்சிகள். Pexels, Pixabay போன்ற தளங்களின் உரிமம் வணிகப் படத்துக்கும் அனுமதி தருகிறது, பெயர் போடவும் கட்டாயம் இல்லை. சிக்கல் இரண்டு இடத்தில்.

முதலாவது, ஏற்றியவர் உண்மையிலேயே எடுத்தவர்தானா? உரிமம் தரும் தகுதி எடுத்தவருக்குத்தான். வேறொருவர் காட்சியைத் திருடி ஏற்றியவர் கொடுக்கும் அனுமதிக்கு மதிப்பில்லை. அவருடைய பக்கத்துக்குப் போய் மற்றக் காட்சிகளைப் பாருங்கள். ஒரே இடத்தை ஒரே வெளிச்சத்தில் நாலைந்து கோணத்தில் எடுத்திருந்தால் நம்பலாம். ஐஸ்லாந்து எரிமலை, கேரளத்துப் படகு, நியூயார்க் தெரு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல், வெவ்வேறு தரத்தில், ஒரே வாரத்தில் ஏற்றப்பட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து படத்தேடலில் போட்டாலும் அசல் பல நேரம் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவதுதான் உங்கள் படத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. இலவசத் தளங்களின் உரிமத்திலேயே, அடையாளம் தெரியும் மனிதர்களைத் தவறான வெளிச்சத்தில் காட்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. ஏரிப் படத்தில் ஆக்கிரமிப்பு பற்றி ஓர் இடம் வந்தே தீரும். "கரையை வளைத்து வீடு கட்டிவிட்டார்கள்" என்று குரல் ஓடும்போது, எங்கோ எடுத்த ஒரு வீடும் வாசலில் நிற்கும் ஒருவரும் திரையில் வந்தால், அவரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிவிட்டீர்கள். உரிமம் மீறல் ஒரு பக்கம், அவதூறு வழக்கு இன்னொரு பக்கம். ஸ்டாக் காட்சியை மேகம், தண்ணீர், மழை, வயல் என்று பொதுவான இடங்களில் மட்டும் வையுங்கள். குற்றம் சொல்லும் இடத்தில் நீங்களே எடுத்த, ஆவணத்தோடு நிரூபிக்க முடிந்த காட்சி மட்டுமே வரட்டும். இது உரிமத்துக்கு மட்டும் அல்ல: வேறு ஏரியை உங்கள் ஏரி என்று காட்டினால் ஊர்க்காரர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார், மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். காசு கொடுத்து வாங்கும் தளங்களில் "எடிட்டோரியல்" என்று குறித்த காட்சிகளில் மனிதர்களிடமோ கட்டட உரிமையாளரிடமோ ஒப்புதல் வாங்கியிருக்காது. படத்தின் விளம்பரத் துண்டில் அவை வரக் கூடாது.

உரிமங்கள் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். Pixabay 2019க்கு முன் CC0 உரிமத்தில் இருந்தது, பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. நீங்கள் இறக்கிய அன்று என்ன எழுதியிருந்தது என்பதற்குச் சான்று உங்களிடம்தான் இருக்க வேண்டும். இறக்கும்போதே காட்சியின் பக்கம், உரிமப் பக்கம் இரண்டையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்பின் அசல் பெயரை மாற்றாமல் வையுங்கள். கூடவே ஒரு அட்டவணை. ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

```
படத்தில்  : 04:12 – 04:19
கோப்பு    : (இறக்கியபோது இருந்த பெயர்)
எடுத்தவர் : (தளத்தில் உள்ள பெயர்)
முகவரி    : (காட்சியின் பக்கம்)
உரிமம்    : (பெயர், பதிப்பு)
இறக்கியது : (தேதி) சான்று: 07.pdf
```

இசை, ஃபான்ட், காட்சி எல்லாம் இதே அட்டவணையில் வரட்டும். விநாடிக் கணக்கு அவசியம். நாளைக்கு ஒரு காட்சியை எடுக்கச் சொன்னால் எடிட்டர் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். விழாவோ ஓடிடியோ உரிமச் சான்று கேட்டாலும் இதையே அனுப்பலாம். இதை இன்றைக்கே போடுங்கள். படம் முடிந்தபிறகு உட்கார்ந்தால் எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவு இருக்காது.

எல்லாம் மாற்றிய பிறகு, வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே படத்தை யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றுங்கள். ஏற்றும் படிகளில் Checks என்று ஒன்று வரும். கன்டென்ட் ஐடியில் பொருந்துவது இருந்தால் எந்த விநாடி, யார் கோருகிறார்கள் என்று அங்கேயே காட்டும். முறையான உரிமம் இருந்தும் கோரல் வரலாம். பலரும் பயன்படுத்தும் இலவச லூப் ஒன்றை வைத்து யாரோ பாட்டுச் செய்து, அதைத் தன் பெயரில் பதிந்திருப்பார். உங்கள் இசையிலும் அதே லூப் இருந்தால் பொருந்தும். அப்போது அட்டவணையில் உள்ள சான்றோடு மறுப்புத் தெரிவியுங்கள். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால், அந்த வீடியோவின் வருமானம் முதல் நாளிலிருந்தே யாருக்கும் போகாமல் தனியாக நிறுத்திவைக்கப்படும். முடிவு உங்கள் பக்கம் வந்தால் மொத்தமும் உங்களுக்கு.